அடுத்த வருஷமும் அதே பேரில் கூப்பிட

கேள்வி: போன மே மாதம் காவேரிப்பட்டணம் பக்கத்தில் என் மாமாவின் மாந்தோப்பில் 34 பிள்ளைகளை வைத்து 12 நாள் முகாம் நடத்தினோம். ‘கோடைக் கொண்டாட்டம் 2025’ என்று பெயர் வைத்தோம். நன்றாகப் போனது. இப்போது எங்கள் ஊரிலேயே ஒரு டியூஷன் சென்டர் அதே ‘கோடைக் கொண்டாட்டம்’ என்று நோட்டீஸ் அடித்திருக்கிறார்கள். ‘இது உங்களுடையதா?’ என்று பெற்றோர் கேட்கிறார்கள். இனி காலாண்டு, அரையாண்டு லீவிலும் நடத்த ஆசை. வருஷாவருஷம் வருகிற மாதிரி ஒரு பெயர் வேண்டும். ‘குட்டி விஞ்ஞானிகள்’, ‘மாந்தோப்பு’, ‘மகிழ்’, என் மகளின் பெயர் என்று வீட்டில் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எதை வைக்கலாம்? பிள்ளைகளைக் கேட்டால் ‘மூணாவது மரம்’ என்கிறார்கள். அது தோப்பில் எல்லாரும் மோர் குடிக்கக் கூடுகிற இடம். அதை எப்படிப் பெயராக வைப்பது?
— ஒரு வாசகி, காவேரிப்பட்டணம்

பதில்:

வணக்கம்ங்க. பிள்ளைகள் சொன்னதையே வையுங்கள். ‘மூணாவது மரம்’. ஏன் என்பதையும், அதில் எங்கே கொஞ்சம் இடிக்கும் என்பதையும் சொல்கிறேன்.

முதலில் அந்த டியூஷன் சென்டர் விஷயம். சண்டைக்குப் போகாதீர்கள், போனாலும் நிற்காது. கோடையில் கொண்டாட்டமாக ஒன்று நடத்துகிறோம் என்று சொல்ல யாருக்கும் உரிமை இருக்கிறது, நீங்கள் பெயர் என்று வைத்தது உண்மையில் ஒரு விவரம். வர்த்தக முத்திரைச் சட்டமே அப்படித்தான் பார்க்கிறது. 1999ஆம் வருஷச் சட்டத்தின் 9ஆம் பிரிவுப்படி, என்ன சேவை, எந்த ஊர், எந்தக் காலம் என்பதை மட்டும் சொல்லுகிற வார்த்தைகளைப் பொதுவாகப் பதிவு செய்ய மாட்டார்கள். ஆகவே ‘கோடைக் கொண்டாட்டம்’, ‘சம்மர் கேம்ப்’, ‘குட்டி விஞ்ஞானிகள்’, ‘கிருஷ்ணகிரி சிறுவர் முகாம்’ எல்லாமே நாளைக்கு இன்னொருவர் நோட்டீஸில் வரும், நீங்கள் பார்த்துக்கொண்டுதான் இருக்க வேண்டும்.

அப்புறம் அந்த 2025. வருஷத்தைப் பெயருக்குள் சேர்த்தால் என்ன ஆகும் என்பதை நான் காசு கொடுத்துக் கற்றேன். பல வருஷத்துக்கு முன்னால் தர்மபுரியில் ஒரு முகாமுக்கு நான்தான் பெயர்ப்பலகை, டீ சர்ட், சான்றிதழ் எல்லாம் வடிவமைத்தேன். பெயரோடு ஒட்டி, அதே எழுத்தில், அதே அளவில் வருஷம். 60 சட்டை அடித்தோம், 38 பிள்ளைகள் வந்தார்கள். மிச்சம் 22 சட்டை ஒரு அட்டைப்பெட்டியில் கிடந்தது. அடுத்த வருஷம் அதைக் கொடுக்க முடியவில்லை, பழைய வருஷத்துச் சட்டையைப் போட்டுக்கொண்டு எந்தப் பிள்ளை நிற்கும்? பெயரும் வருஷமும் தனித்தனியாக இருந்திருந்தால் அந்த 22 சட்டையும் அடுத்த மே மாதமே போயிருக்கும்.

சட்டை சின்ன நஷ்டம்தான். இதைவிட மோசம், வருஷம் ஒட்டிய பெயர் வாய்க்குள் தங்குவதில்லை. பெற்றோர் வருஷத்தை விட்டுவிட்டுத்தான் சொல்வார்கள். ‘கோடைக் கொண்டாட்டம் 2025’இல் 2025ஐ எடுத்துவிட்டால் எல்லாருக்கும் பொதுவான இரண்டு வார்த்தைதான் மிச்சம். அந்த இடத்தில்தான் டியூஷன் சென்டர் வந்து உட்கார்ந்தது.

கோடை என்ற வார்த்தையும் உங்களுக்கு இனி ஆகாது. காலாண்டு விடுமுறை செப்டம்பர் கடைசியில் வரும், அரையாண்டு விடுமுறை டிசம்பர் கடைசியில். ராயக்கோட்டைப் பக்கம் பிள்ளைகள் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வருகிற அந்த மாதத்தில் ‘கோடை’ என்ற பலகையின் கீழே எப்படி உட்கார வைப்பீர்கள்? அப்போது வேறொரு பெயர் வைப்பீர்கள், காலாண்டு லீவுக்கு இன்னொன்று வரும், மூன்று பெயரும் ஆளுக்குக் கொஞ்சம் ஞாபகத்தில் இருக்கும், எதுவும் முழுசாக நிற்காது.

வீட்டில் சொன்ன பெயர்களுக்கு வருகிறேன்.

‘குட்டி விஞ்ஞானிகள்’ என்பதில் இரண்டு பூட்டு இருக்கிறது. ஒன்று வயசு. உங்களிடம் 11 வயதில் வந்த பிள்ளை, பிடித்திருந்தால் 13 வயதிலும் வரும், அந்த வயதில் ‘குட்டி’ என்று எழுதிய சட்டையைப் போடச் சொன்னால் வராது. 15 வயதில் தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொள்ளத் தன்னார்வலராக வர வேண்டிய பிள்ளைகளும் அவர்கள்தான், அந்தப் பிள்ளைகளைப் பெயரே வெளியில் நிறுத்திவிடும். மழலை, மொட்டு, பிஞ்சு எல்லாவற்றுக்கும் இதே கதி. இரண்டாவது பூட்டு பொருள். அடுத்த வருஷம் நாடகமோ பானை வனைவதோ வைக்க நினைத்தால் ‘விஞ்ஞானிகள்’ குறுக்கே நிற்கும்.

‘மகிழ்’ அழகான சொல். ஆனால் ழகரம் இருக்கிற பெயரைக் கிருஷ்ணகிரி, ஓசூர் பக்கம் வைக்கும்போது ஒரு தடவை யோசியுங்கள். நம்மிடம் தெலுங்கும் கன்னடமும் உருதும் வீட்டு மொழியாக இருக்கிற பிள்ளைகள் நிறைய, அவர்கள் வாயில் இது மகில் என்றோ மகிள் என்றோ ஆகும். அதுகூடப் பரவாயில்லை, போனில் தேடும்போது ஒருவர் Magizh என்பார், இன்னொருவர் Mahizh, இன்னொருவர் Makil. போதாததற்கு இந்தச் சொல்லை ஏற்கெனவே பள்ளிகளும் துணிக்கடைகளும் வைத்திருக்கின்றன. தேடுகிறவர் வேறெங்கோ போய் நிற்பார்.

மகளின் பெயர் வேண்டாம். இன்றைக்கு அவளுக்குச் சந்தோஷமாக இருக்கும், ஒன்பதாவது படிக்கும்போது ஊர் முழுக்கத் தன் பெயரில் பேனர் தொங்குவதை எந்தப் பெண் பிள்ளையும் விரும்பாது. கூட நடத்துகிறவர்களுக்கும் அது நம்முடையது என்ற எண்ணம் வராது.

‘மாந்தோப்பு’ கிட்டத்தட்டச் சரி, அதனால்தான் அது ஆபத்து. நம் பக்கத்தில் தோப்பைப் பூ பிடிக்கும்போதே வியாபாரிக்குக் குத்தகைக்கு விடுவது வழக்கம், உங்களுக்கே தெரியும். போன வருஷம் மாமா விட்டுவைத்தார், இந்த வருஷம் குத்தகைக்காரர் மே மாதத்தில் காவல் போட்டுவிட்டு ‘பிள்ளைகளை உள்ளே விடாதீங்க’ என்றால், ‘மாந்தோப்பு’ என்ற பெயரோடு ஒரு கல்யாண மண்டபத்தில் முகாம் நடத்த வேண்டிவரும். அதோடு அது பொதுச்சொல். ‘பையன் மாந்தோப்புக்குப் போயிருக்கான்’ என்று பாட்டி சொன்னால் மாங்காய் பொறுக்கப் போயிருக்கிறான் என்றுதான் கேட்பவருக்குத் தோன்றும்.

இடத்தோடு பெயரைக் கட்டுவதில் இன்னொரு வலியும் பார்த்திருக்கிறேன். எனக்குத் தெரிந்த மூன்று ஆசிரியர்கள் ஒரு தனியார் பள்ளி வளாகத்தில் முகாம் நடத்தினார்கள். இடம் இலவசமாகக் கிடைத்ததால் பள்ளியின் பெயரை முன்னால் போட்டு, பின்னால் முகாமின் பெயரை வைத்தார்கள். மூன்று வருஷம் நன்றாக நடந்தது. நான்காவது வருஷம் பள்ளியே அதே பெயரில் முகாமை அறிவித்துவிட்டது, இவர்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை. வாட்ஸாப் குழுவும் பள்ளி அலுவலக எண்ணில்தான் இருந்தது. பெற்றோர் பார்வையில் அது பள்ளியின் முகாம்தான், நோட்டீஸில் முதலில் இருந்தது பள்ளியின் பெயர்தானே. இடம் கொடுத்தவருக்கு நன்றி சொல்லுங்கள், நோட்டீஸின் அடியில்.

சரி, மூணாவது மரம். நீங்கள் தயங்குவது எனக்குப் புரிகிறது, அது என்ன முகாம் என்று சொல்லவில்லையே என்பதுதானே? பெயர் அதைச் சொல்ல வேண்டாம், அதற்கு அடியில் ஒரு வரி இருக்கிறது. பெயரில் வருஷம் இல்லை, பருவம் இல்லை, வயசு இல்லை, பாடம் இல்லை, ஊரும் இல்லை. மரம் இருக்கிறதே, அது இடம் இல்லையா என்றால், இல்லை. தோப்பு போனாலும் பள்ளி மைதானத்திலோ தென்பெண்ணைக் கரையிலோ போய் நின்று, வரிசையில் மூன்றாவதாக நிற்கிற மரத்தடியில் மோர்ப்பானையை வைத்துவிட்டால் அதுதான் மூணாவது மரம். முதல் நாள் காலையில் பிள்ளைகளையே எண்ணிக் கண்டுபிடிக்கச் சொல்லலாம். எந்தப் பக்கமிருந்து எண்ணுவது என்று அவர்களுக்குள் ஒரு வாக்குவாதம் வரும், வரட்டும்.

இதைத் தீர்மானிக்கும் முன் நான் எந்தப் பெயருக்கும் செய்கிற ஒரு சோதனை உண்டு. அதை ஒரு வாக்கியத்தில் போட்டுப் பேசிப் பார்ப்பேன். தமிழில் பெயர் சும்மா நிற்காது, அதன் வாலில் ஏதாவது ஒட்டும். ‘மூணாவது மரத்துக்குப் போறேன்’, ‘மூணாவது மரத்துல சேர்த்திருக்கேன்’, ‘மூணாவது மரத்துல இருந்து போன் வந்துச்சு’. நன்றாக வளைகிறது. இதே சோதனையில் ‘மகிழ்’ தடுக்குகிறது. ‘மகிழுக்குப் போறேன்’ என்றால் கேட்பவருக்குக் காரின் ஞாபகமோ ஒரு ஆளின் ஞாபகமோ வருகிறது. பெயருக்குப் பக்கத்தில் அடுத்த சொல்லையும் வைத்துப் பாருங்கள். ‘மூணாவது மரம்’ என்பதோடு முகாம் சேர்ந்தாலும் ஒற்று வராது, எழுத்து மாறாது. ‘நுங்கு’ என்று பெயர் வைத்தவர் ‘நுங்குப் பட்டறை’ என்று எழுதிக் கொடுப்பார், பிளக்ஸ் கடைப் பையன் ஒற்றை விட்டுவிடுவான், ஒரு பேனரில் ப் இருக்கும், இன்னொன்றில் இருக்காது. ஒரே பெயர் இரண்டு விதமாக ஊரில் தொங்கும்.

இந்தப் பெயரில் இடிக்கிற இடம் மூன்று.

முதலாவது எண். ‘மூணாவது மரம், 2ஆம் ஆண்டு’ என்று அடித்தீர்களானால் படிக்கிறவர் குழம்புவார், மூணாவதா இரண்டாவதா என்று. அதனால் உங்களுக்கு ‘ஆம் ஆண்டு’ என்ற கணக்கே வேண்டாம். பொதுவாகவே எனக்கு அந்தக் கணக்குப் பிடிக்காது. 2020, 2021 இரண்டு கோடையும் யாராலும் முகாம் நடத்த முடியவில்லை. ‘6ஆம் ஆண்டு’ என்று அடித்துக்கொண்டிருந்தவர்கள் மறுபடி ஆரம்பித்தபோது அதை 7 என்பதா 9 என்பதா என்று என்னிடமே வந்து கேட்டார்கள். வருஷத்தை மட்டும் போட்டால் விட்டுப்போன வருஷத்துக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை.

இரண்டாவது, மூணாவதா மூன்றாவதா. பிள்ளைகள் சொன்னபடி ‘மூணாவது’ என்றே எழுதுங்கள், ஆனால் எல்லா இடத்திலும். சான்றிதழில் மட்டும் மரியாதைக்காக ‘மூன்றாவது மரம்’ என்று திருத்திவிடாதீர்கள், தமிழாசிரியர் யாராவது கட்டாயம் சொல்வார். ஆங்கில எழுத்திலும் ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். moonavathumaram என்று வைத்தால் நீளம்தான், முனாவது, மூனாவது என்று தட்டுகிறவர்களும் இருப்பார்கள். அதனால் யாரையும் தட்ட வைக்காமல் நோட்டீஸில் ஒரு க்யூஆர் கோடு போட்டுவிடுங்கள்.

மூன்றாவது, ஊர் இதைச் சுருக்கும். எந்தப் பெயரையும் சுருக்கும். ‘மரம் கேம்ப்’ என்றுதான் ஆகும் என்று நினைக்கிறேன், மரம் நடுகிற முகாமா என்று முதல் வருஷம் பத்துப் பேராவது கேட்பார்கள். அதைத் தாங்கிக்கொள்ளலாம். சுருக்கினால் கேலியாகிற பெயரைத்தான் தாங்க முடியாது. ஒருவர் ‘மாங்கொட்டை’ என்று ஆசையாக வைக்கப் பார்த்தார், விதை, முளை, மரம் என்று அருமையாக விளக்கமும் சொன்னார். ஏழாவது படிக்கிற பையன்கள் நாலு பேரிடம் சொல்லிப் பாருங்கள் என்றேன். அவர்கள் பின்பாதியை மட்டும் பிடித்துக்கொண்டு சிரித்ததைப் பார்த்துவிட்டு அவரே விட்டுவிட்டார். உங்கள் பெயரையும் அந்த வயதுப் பையன்களிடமும், தமிழ் வீட்டு மொழியாக இல்லாத ஒரு அம்மாவிடமும், போனில் ஒரே தடவை சொல்லி எழுதச் சொல்லிப் பாருங்கள். இரண்டு பேரும் சரியாக எழுதிவிட்டால் போதும்.

வேறு யாரிடமாவது இந்தப் பெயர் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். பிள்ளைகள் விஷயத்தில் நல்ல சொற்கள் பல ஏற்கெனவே போய்விட்டன. ஊஞ்சல், தேன்சிட்டு இரண்டும் பள்ளிக் கல்வித்துறை பிள்ளைகளுக்குக் கொடுக்கிற இதழ்கள், துளிர் அறிவியல் இயக்கத்தின் சிறுவர் இதழ். அந்தப் பெயரில் முகாம் வைத்தால் அரசு முகாம் என்றோ இதழின் முகாம் என்றோ நினைப்பார்கள். நம் ஊர்ப் பெருமை என்று தகடூர், அதியமான் பக்கம் போனால் கல்லூரி, கடை, லாட்ஜ் என்று ஏற்கெனவே வரிசை நிற்கிறது. கூகுள் மேப்பிலும் இன்ஸ்டாகிராமிலும் ஒரு தடவை தேடுங்கள், வர்த்தக முத்திரைப் பதிவேட்டின் இணையதளத்திலும் இலவசமாகத் தேடலாம். பயிற்சி, முகாம் போன்றவை அங்கே 41ஆம் வகுப்பில் வரும், அந்த வகுப்பில் முதலில் பாருங்கள். பதிவு செய்ய, தனி நபர் இணையத்தில் விண்ணப்பித்தால் ஒரு வகுப்புக்கு அரசுக் கட்டணம் 4,500 ரூபாய், பதிவு கிடைத்தால் 10 வருஷம், பிறகு புதுப்பிக்கலாம். இந்த வருஷமே செலவு செய்ய வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். இரண்டு லீவு நடத்திப் பாருங்கள், நிலைத்துவிட்டது என்று தெரிந்தால் விண்ணப்பியுங்கள். அதுவரை தேதியோடு இருக்கிற நோட்டீஸ், ரசீது எல்லாவற்றையும் ஒரு பைலில் போட்டு வையுங்கள், முதலில் பயன்படுத்தியவர் நீங்கள் என்று காட்ட அதுதான் உதவும். ஒரு பொதுப் பெயரை விட்டு இதற்கு வருவதால் பதிவுக்கும் வாய்ப்பு கூடுதல், மோர் குடிக்கிற மரத்துக்கும் பயிற்சி வகுப்புக்கும் நேரடிச் சம்பந்தம் எதுவும் இல்லையே.

இனி எழுதுகிற முறை. மூன்று வரி, அவ்வளவுதான். முதல் வரி மாறவே மாறாது, இரண்டாவது எப்போதாவது மாறும், மூன்றாவது ஒவ்வொரு லீவுக்கும் மாறும்.

மூணாவது மரம்
பள்ளி விடுமுறை முகாம், காவேரிப்பட்டணம்
2026 கோடை: விதையும் மண்ணும்

டிசம்பரில் மேலே இரண்டு வரியைத் தொடாமல் ‘2026 அரையாண்டு: நிழலும் வெளிச்சமும்’ என்று மூன்றாவதை மட்டும் மாற்றுவீர்கள். கிருஷ்ணகிரியில் இன்னொரு குழு ஆரம்பித்தால் இரண்டாவது வரியில் ஊர் மாறும். மூன்றாவது வரியின் எழுத்து முதல் வரியின் பாதி அளவுக்கு மேல் போக வேண்டாம், இல்லாவிட்டால் ‘விதையும் மண்ணும்’ என்பதே முகாமின் பெயர் என்று ஆகிவிடும். இந்தத் தப்பை நிறையப் பேர் செய்கிறார்கள், ஒவ்வொரு வருஷமும் தலைப்பு புதுசாக இருக்கிற சந்தோஷத்தில் அதைப் பெரிதாகப் போட்டுவிடுவார்கள்.

பேனரையும் இதன்படியே பிரியுங்கள். முதல் இரண்டு வரிக்கு ஒரு நல்ல துணிப் பேனர், வருஷம் எதுவும் இல்லாமல், மடித்து வைத்து எடுத்துக் கட்டலாம். மூன்றாவது வரிக்கு மட்டும் அதன் கீழே கட்ட ஒரு சின்னப் பட்டி, அதை ஒவ்வொரு முறையும் பிள்ளைகளே சார்ட் பேப்பரில் எழுதட்டும். சட்டையில் பெயர் மட்டும். வருஷம் போட வேண்டிய இடம் சான்றிதழ், அங்கே முழுத் தேதியே போடுங்கள்.

போன் எண்ணைக் கவனியுங்கள். முகாமுக்கென்று ஒரு சிம், அதில் வாட்ஸாப் பிசினஸ், காட்டும் பெயர் ‘மூணாவது மரம்’. போன வருஷக் குழுவின் பெயரை மாற்ற வேண்டாம், திடீரென்று புதுப் பெயர் தெரிந்தால் யாரோ என்று நினைத்துப் பாதிப் பேர் வெளியேறிவிடுவார்கள். அந்தக் குழுவில் பழைய பெயரையும் புதுப் பெயரையும் சேர்த்து ஒரு செய்தி போட்டு, புது எண்ணைச் சேமிக்கச் சொல்லுங்கள். முதல் நோட்டீஸின் அடியிலும் ஒரு வரி வேண்டும்: ‘போன வருஷம் மாந்தோப்பில் கோடைக் கொண்டாட்டம் நடத்திய அதே ஆசிரியர்கள்.’ பெற்றோரின் ‘இது உங்களுடையதா?’ என்ற கேள்விக்கு அதுவே பதில். இந்த ஒரு வருஷம் மட்டும் அந்த வரி போதும், அடுத்த வருஷம் எடுத்துவிடுங்கள்.

பலகையை அந்த மரத்தில் கட்டும்போது ஆணி அடிக்க வேண்டாம், கயிற்றில் தொங்கவிடுங்கள். அச்சுக்குக் கொடுக்கும் முன்னால் இந்த வாரமே மாமாவிடம் தோப்பு குத்தகைக்குப் போகிறதா, மே மாதம் உங்களுக்கு உண்டா என்று கேட்டுவிடுங்கள். இல்லை என்றால் நோட்டீஸில் மாற வேண்டியது இரண்டாவது வரிக்குப் பக்கத்தில் இருக்கிற முகவரி மட்டும்தான்.